நின்றேனா, நிற்கச் சொன்னார்களா, நிறுத்தினார்களா?

கேள்வி: கொழும்பில் ஒரு லீசிங் கொம்பனியில் ஆறு வருடம் வேலை செய்தேன். மூன்று கோப்புகளில் கஸ்டமரின் வீட்டுக்குப் போகாமலே, போய் வந்ததாக ரிப்போர்ட் எழுதியதற்கு விளக்கம் கேட்டு ஷோ கோஸ் கடிதம் வந்தது. விசாரணைக்கு முதல்நாள் எச்.ஆரில் கூப்பிட்டு, "ரிசைன் பண்ணுங்க, சேவைச் சான்றிதழ் தருவோம், இல்லாட்டி விசாரணை நடத்தி டெர்மினேட் பண்ணுவோம்" என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது யூனியன் பிளேஸில் இன்னொரு லீசிங் கொம்பனியில் இன்டர்வியூ. விண்ணப்பத்தில் "எப்போதாவது வேலைநீக்கம் செய்யப்பட்டோ விலகும்படி கேட்கப்பட்டோ இருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி. என் கடிதத்தில் "சொந்த விருப்பத்தின்பேரில்" என்றுதானே இருக்கு? "பெட்டர் ப்ரொஸ்பெக்ட்ஸ்" என்று போட்டால் போதாதா? உண்மையைச் சொல்வதென்றால் எவ்வளவு சொல்வது?

பதில்:

போதாது. அந்தக் கேள்விக்கு உங்கள் விடை "ஆம்". அந்த "ஆம்" வேலையைக் கெடுத்துவிடும் என்றுதான் பயப்படுகிறீர்கள். ஆனால் உங்கள் நிலையில் "இல்லை" என்று எழுதுவதுதான் வேலையைக் கெடுக்கும், அதுவும் வேலை கிடைத்த பிறகு.

நம் பேச்சிலேயே இதற்கு மூன்று வினைகள் இருக்கின்றன. வேலையிலிருந்து நின்றேன், நிற்கச் சொன்னார்கள், நிறுத்தினார்கள். முதலாவதில் முடிவு உங்களுடையது. மூன்றாவதில் அவர்களுடையது. நடுவில் இருப்பதில் கையொப்பம் உங்களுடையது, முடிவு அவர்களுடையது. உங்களுக்கு நடந்தது அந்த நடுவில் உள்ளது. விண்ணப்பம் எழுதியவர்களுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். அதனால்தான் "வேலைநீக்கம்" என்பதோடு நிறுத்தாமல் "விலகும்படி கேட்கப்பட்டோ" என்றும் சேர்த்திருக்கிறார்கள். கடிதத்தில் "சொந்த விருப்பம்" என்று இருப்பது, விலகல் எந்த வடிவத்தில் பதிவானது என்பதற்கு மட்டுமே சாட்சி. யாராவது கேட்டார்களா என்ற கேள்விக்கு அது விடை சொல்வதில்லை.

சிங்களத்தில் நேர்முகம் நடந்தால் இன்னும் கவனம் வேண்டும். "அஸ் வுணா" என்றால் தானாக விலகினார், "அஸ் களா" என்றால் விலக்கினார்கள். பதற்றத்தில் ஒரு அசை மாறினால் இல்லாத வேலைநீக்கத்தை உங்கள் வாயாலேயே சொல்லிவிடுவீர்கள். ஆங்கிலத்தில் நடந்தால் "டெர்மினேட்டட்" என்ற சொல்லைத் தொட வேண்டாம், அது உங்களுக்கு நடக்கவில்லை. நேர்முகம் எந்த மொழியில் நடக்குமோ அந்த மொழியிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

"பெட்டர் ப்ரொஸ்பெக்ட்ஸ்" ஏன் நிற்காது என்பதையும் பார்த்துவிடுவோம். இந்த ஊரில் விலகுபவர்களில் பாதிப் பேர் எழுதும் வரி அது. நல்ல இடம் கிடைத்து மாறுகிறவருக்குப் பொருந்தும். உங்கள் சேவைச் சான்றிதழில் கடைசி நாள் இருக்கிறது, அடுத்த நாளிலிருந்து வேலை இல்லை. நல்ல வாய்ப்புக்காக விலகியவர் வாய்ப்பில்லாமல் வீட்டில் இருப்பது ஏன் என்று எந்த எச்.ஆர். மனேஜரும் கேட்பார். இடைவெளியை மறைக்கக் கடைசித் திகதியை இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போடும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் கொம்பனியின் பங்காக 12 வீதமும் மாதாமாதம் போகிறது. எந்த மாதத்தோடு அது நின்றது என்பது பதிவில் இருக்கிறது. வருமான வரி கழிக்கப்பட்டவர் என்றால் புதிய இடம் டி-10 படிவத்தையும் கேட்கலாம், அதிலும் வேலை செய்த காலம் இருக்கும். திகதியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இனி முதல் வேலை, பேச்சைத் தயாரிப்பது அல்ல, கடதாசிகளை மேசையில் பரப்புவது. ஷோ கோஸ் கடிதம், அதற்கு நீங்கள் எழுதிய பதில், இராஜினாமாக் கடிதம், அதை ஏற்றுக்கொண்ட கடிதம், சேவைச் சான்றிதழ், ஆக ஐந்து. இவற்றில் மிக முக்கியமானது பலர் மறந்துபோகும் இரண்டாவது. ஷோ கோஸுக்கான பதிலில் நீங்கள் எதை ஒத்துக்கொண்டீர்கள், எதை மறுத்தீர்கள் என்பது எழுத்தில், உங்கள் கையொப்பத்தோடு, பழைய இடத்துக் கோப்பில் கிடக்கிறது. அதில் "மூன்று வீட்டுக்கும் போகவில்லை" என்று எழுதிவிட்டுப் புதிய இடத்தில் "ஒரு வீடுதான் தவறியது" என்றால், பிறகு ஒரு தொலைபேசி அழைப்பில் அகப்படுவீர்கள். பிரதி உங்களிடம் இல்லையென்றால் ஈமெயிலில் தேடுங்கள், அதிலும் இல்லையென்றால் எச்.ஆரிடம் எழுதிக் கேளுங்கள்.

ஏற்றுக்கொண்ட கடிதத்தையும் சான்றிதழையும் வரி வரியாகப் படியுங்கள். "விலகினார்" என்று மட்டும் இருக்கிறதா, "நடத்தை திருப்திகரமானது" என்று இருக்கிறதா, நடத்தை பற்றி ஒரு சொல்லும் இல்லையா? நடத்தை பற்றிய வரி இல்லாத சான்றிதழை அனுபவமுள்ள எச்.ஆர். ஆள் உடனே கவனிப்பார். கணக்கு முடித்தபோது இரு தரப்பும் விவரத்தை வெளியே சொல்வதில்லை என்று ஏதாவது ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டீர்களா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் கீழே நான் எழுதுவதில் பாதியை நீங்கள் சொல்ல முடியாது. "நிர்வாகம் கேட்டதால் விலகினேன், விவரம் பேசுவதில்லை என்று இரு தரப்பும் ஒப்பமிட்டிருக்கிறோம்" என்பதோடு நிறுத்த வேண்டிவரும்.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு விஷயம், நேர்முகத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டதால் சொல்கிறேன். வற்புறுத்தி வாங்கிய இராஜினாமாவை வேலைநீக்கமாகவே கருத வேண்டும் என்று 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைக்குப் போகலாம். வேலை முடிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வற்புறுத்தினார்கள் என்பதை நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. போவதா இல்லையா என்பது வேறு முடிவு, அதை ஒரு தொழில் சட்டத்தரணியிடம் பேசுங்கள். ஆனால் போகும் எண்ணம் இருந்தால், புதிய கொம்பனியின் படிவத்தில் "என் சொந்த விருப்பத்தில், நல்ல வாய்ப்புக்காக விலகினேன்" என்று எழுதிக் கையொப்பமிட்டது எதிர்த்தரப்புக்குக் கொடுத்த பரிசு. அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று சொல்லக்கூடாது என்பதற்கு ஒழுக்கம் மட்டும் காரணமில்லை.

இப்போது பேச வேண்டிய வாசகம். முதலில், பலர் சொல்லும் விதத்தைப் பாருங்கள்:

"அங்க சின்ன நடைமுறைப் பிரச்சினை ஒன்று வந்தது. எல்லாரும் செய்றதுதான். டார்கெட் பிரஷர் சரியான கூட. புது மனேஜருக்கும் எனக்கும் ஒத்துவரல்ல. அதால பரஸ்பர இணக்கத்தில விலகிட்டன்."

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வியைத் திறந்துவிடுகிறது. "சின்னது" என்றால் ஏன் விலகச் சொன்னார்கள்? "எல்லாரும் செய்றது" என்றால் எங்களிடமும் செய்வீர்களா? டார்கெட் எங்களிடமும் இருக்கிறதே? மனேஜரோடு என்ன சண்டை? "பரஸ்பர இணக்கம்" என்பதை எச்.ஆர். ஆட்கள் "துரத்திவிட்டார்கள்" என்றுதான் படிப்பார்கள். இவ்வளவு பேசியும் நடந்தது என்னவென்று இதில் இல்லை. கேட்பவர் தானே ஊகிப்பார், லீசிங் தொழிலில் ஊகம் உடனே பணத்துக்குத்தான் போகும். நீங்கள் பணம் எடுக்கவில்லை. ஆனால் மழுப்பினால் எடுத்தவர் போலத் தெரிவீர்கள்.

உங்களுக்கு நான் எழுதித் தருவது இது:

"கடைசி வருடத்தில், மாதக் கடைசி அவசரத்தில், மூன்று கோப்புகளுக்கு வாடிக்கையாளரின் வீட்டுக்கு நேரில் போகாமல் தொலைபேசியில் விசாரித்துவிட்டு, போனதாகக் கள அறிக்கையில் எழுதினேன். அது என் பிழை, ஷோ கோஸுக்குக் கொடுத்த பதிலிலும் ஒத்துக்கொண்டேன். பணம் எடுத்ததாகக் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. விசாரணைக்கு முன் விலகும்படி நிர்வாகம் கேட்டது, விலகினேன். இப்போது போக முடியாத இடத்தைப் போகவில்லை என்றே எழுதி, ஒரு நாள் தள்ளிக் கேட்பேன்."

சாதாரண வேகத்தில் சொன்னால் அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூட. ஐந்து வரிகள்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

முதல் வரி நடந்ததைச் சொல்கிறது. அதில் நீங்கள் விழுங்கப் பார்க்கும் துண்டு "போனதாக எழுதினேன்" என்பது. "வீட்டுக்குப் போகத் தவறினேன்" என்று மென்மையாக்கத் தோன்றும். செய்ய வேண்டாம். போகாதது கவனக்குறைவு, போனதாக எழுதியது பொய் அறிக்கை. பழைய இடம் கேட்டது இரண்டாவதைப் பற்றி. புதிய இடத்தின் கடன் பிரிவுத் தலைவர் நேர்முகக் குழுவில் இருந்தால் அவர் காதும் அந்தத் துண்டில்தான் இருக்கும். அதை நீங்களே சொன்னால், மேலே தோண்ட அவருக்கு எதுவும் மிஞ்சாது. "மாதக் கடைசி அவசரம்" என்ற சொற்கள் சாக்காக மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரியின் நடுவில் ஒரு துணைச் செய்தியாக வந்து போக வேண்டும், தனி வரியாகக் கூடாது.

எத்தனை கோப்பு என்ற எண்ணைச் சொல்வது முக்கியம். "சில கோப்புகள்" என்றால் கேட்பவர் மனத்தில் முப்பது வரும். மூன்று என்றால் மூன்று. வாடிக்கையாளரின் பெயர், ஊர், கடன் தொகை எதுவும் வாயில் வரக்கூடாது. பழைய இடத்தின் இரகசியத்தை இங்கே உடைப்பவர் நாளை நம் இரகசியத்தை அங்கே உடைப்பார் என்று கேட்பவர் கணக்குப் போடுவார்.

பணம் பற்றிய வரியை அது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். ஷோ கோஸ் கடிதத்தைத் திரும்ப எடுத்து, குற்றச்சாட்டுகளில் தரகுப் பணம், அன்பளிப்பு என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வரியில் இருந்து, நீங்கள் மறுத்திருந்தாலும், "அப்படிக் குற்றச்சாட்டு இருக்கவில்லை" என்று சொல்ல முடியாது. "அப்படியும் ஒன்று இருந்தது, அதை மறுத்து எழுதினேன், விசாரணை நடக்கவில்லை" என்றுதான் சொல்ல வேண்டும்.

நாலாவது வரியில் "கேட்டது, விலகினேன்" என்று இரண்டு வினைகளும் இருக்க வேண்டும். "கேட்டது" மட்டும் இருந்தால் புகார் போல ஒலிக்கும், "விலகினேன்" மட்டும் இருந்தால் மறைப்பு. கடைசி வரியில் "நல்ல பாடம் கற்றுக்கொண்டேன்" என்பதை வைக்காதீர்கள், அதை எல்லாரும் சொல்வார்கள். மேசையில் என்ன மாறும் என்பதைச் சொல்லுங்கள்.

அதோடு வாயை மூடுங்கள். இதுதான் கஷ்டம். சொல்லி முடித்ததும் அறையில் நாலைந்து விநாடி அமைதி இருக்கும், அதை நிரப்ப நாக்கு துடிக்கும். அந்த நேரத்தில்தான் மனேஜர், டார்கெட், மற்றவர்கள் செய்தது எல்லாம் வெளியே வரும். கையைக் கட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள்.

அடுத்த கேள்வி பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். "நட்டம் வந்ததா?" வந்ததென்றால் வந்தது. "மூன்றில் ஒரு முச்சக்கரவண்டிக் கோப்பில் தவணை நின்றது, ஆளும் அந்த முகவரியில் இல்லை, மற்ற இரண்டும் நான் விலகும்வரை ஒழுங்காகக் கட்டப்பட்டன" என்று தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள். நீங்கள் விலகிய பிறகு என்ன நடந்தது என்று ஊகிக்க வேண்டாம். "விசாரணைக்கு நின்றிருக்கலாமே?" என்பது இரண்டாவது, கொஞ்சம் பொறி. "நின்றிருந்தாலும் நான் போகவில்லை என்பது மாறியிருக்காது" என்றால் போதும். பயமுறுத்தினார்கள், கையைப் பிடித்து எழுத வைத்தார்கள் என்று விரித்தால் பேச்சு உங்கள் பிழையிலிருந்து அவர்களின் பிழைக்குத் தாவிவிடும், அங்கிருந்து திரும்பாது. "உங்கள் பழைய மனேஜரிடம் கேட்டால் என்ன சொல்வார்?" என்பது மூன்றாவது. அதற்கு விடை நேர்முகத்துக்கு முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும்.

எப்படி? பழைய எச்.ஆருக்கு ஒரு ஈமெயில், கோபமும் கெஞ்சலும் இல்லாமல்:

"நான் வேறு இடங்களில் விண்ணப்பிக்கிறேன். என்னைப் பற்றி விசாரித்தால் சேவைக்காலம், பதவி, விலகிய காரணம் ஆகியவற்றில் நீங்கள் எதை உறுதிப்படுத்துவீர்கள் என்று அறியத் தாருங்கள். விசாரணைக்கு முன் நிர்வாகத்தின் வேண்டுகோளின்பேரில் விலகியதாக நான் சொல்லப் போகிறேன்."

கடைசி வரிதான் இதன் உயிர். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று தெரிந்தபின், அதற்கு மாறாகச் சொல்ல அவர்கள் யோசிப்பார்கள். பெரும்பாலான கொம்பனிகள் எழுத்தில் திகதியையும் பதவியையும் மட்டுமே உறுதிப்படுத்த விரும்பும். பதிலே வராமலும் போகலாம், அப்போதும் நீங்கள் அறிவித்தது பதிவில் இருக்கும். ஆனால் எழுத்தில் வருவது வேறு, தொலைபேசியில் வருவது வேறு. கொழும்பில் லீசிங் வட்டம் சின்னது. கொள்ளுப்பிட்டியில் இருக்கும் கடன் மனேஜரும் யூனியன் பிளேஸில் இருப்பவரும் முன்பு ஒரே கிளையில் வேலை செய்தவர்களாக இருக்கலாம். "இந்தப் பெடியன் எப்படி?" என்று ஒரு அழைப்பு போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழைப்பில் அவர் கேட்கப்போவதை உங்களிடமிருந்து முதலில் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விண்ணப்பத்தில் உறவினர் அல்லாத இரண்டு பேரின் பெயரைக் கேட்பார்கள். ஒருவர் உங்களின் நேரடி மேலாளராக இருப்பது நல்லது, அவர் இப்போது அந்தக் கொம்பனியில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெயரைப் போடுமுன் அவரை அழைத்து, மேலே உள்ள ஐந்து வரியையும் அப்படியே சொல்லிக் காட்டுங்கள். "இதில் உங்களுக்குத் தெரிந்ததற்கு மாறாக ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அவர் பெயரைப் போட வேண்டாம். உங்களைக் காப்பாற்ற நினைத்து "அவர் தானாகத்தான் போனார்" என்று சொல்லும் நல்ல மனுஷர்தான் மிகவும் ஆபத்து. நீங்கள் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொன்னால், பொய் சொன்னது நீங்கள்தான் என்று முடிவாகும்.

இனி விண்ணப்பத்தை நிரப்பும் விதம். "ஆம்" என்ற பெட்டியில் குறியிடுங்கள். பக்கத்தில் ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கும். அதில் இப்படி: "கள அறிக்கை தொடர்பான ஒழுக்காற்று நடவடிக்கையின்போது, விசாரணைக்கு முன், நிர்வாகத்தின் வேண்டுகோளின்பேரில் விலகினேன். விவரம் நேரில்." அதற்குமேல் எழுத வேண்டாம், இணைப்புக் கடிதமும் வேண்டாம். எழுத்தில் இருக்கும் நீண்ட விளக்கம் உங்கள் முகம் தெரியாத ஐந்து பேரிடம் போகும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் படிப்பார்கள். ஒன்லைன் விண்ணப்பமாக இருந்து, "விலகினார்", "வேலைநீக்கம்", "ஒப்பந்தம் முடிந்தது" என்று தெரிவுகள் மட்டும் இருந்தால் "விலகினார்" என்பதைத் தெரிவு செய்யலாம், வடிவத்தில் அது உண்மை. ஆனால் "கேட்கப்பட்டீர்களா" என்ற தனிக் கேள்வி வரும் இடத்தில் "ஆம்". சீ.வி.யில் இந்த விஷயத்துக்கு இடமே இல்லை. அங்கே திகதியும் பதவியும் செய்த வேலையும் போதும்.

படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு உறுதிமொழி இருக்கும். இங்கே கொடுத்த தகவல் பொய்யென்று தெரியவந்தால் முன்னறிவித்தல் இல்லாமல் நீக்கலாம் என்று ஏதாவது. பலர் இதை வாசிக்காமல் கையொப்பமிடுவார்கள். நீங்கள் முதலில் கேட்ட யோசனை உடையும் இடம் இதுதான். விசாரிப்பு பல இடங்களில் வேலைக்கு எடுத்த பிறகுதான் நடக்கும், தகுதிகாண் காலத்துக்குள், நிரந்தரமாக்கும் கடிதம் அடிக்குமுன். அந்த நேரத்தில் "இல்லை" என்ற குறி அகப்பட்டால், பழைய பிழையை யாரும் பார்க்க மாட்டார்கள். பொய் உறுதிமொழி ஒன்றே போதும். பிறகு மூன்றாவது இடத்தில் நேர்முகத்துக்குப் போகும்போது சொல்ல வேண்டியது இரண்டாகிவிடும், இரண்டாவது உண்மையிலேயே "நிறுத்தினார்கள்" என்பதாக இருக்கும்.

படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லாத கொம்பனிகளும் உண்டு. அங்கே யாரும் கேட்காவிட்டால் நீங்களாக எழுந்து அறிக்கை வாசிக்க வேண்டியதில்லை. "ஏன் விலகினீர்கள்?" என்று கேட்டால் அதே ஐந்து வரி. கேட்கவே இல்லை, வேலை தரும் பேச்சு நெருங்குகிறது, அதுவும் அதே கள அறிக்கை எழுதும் வேலை என்றால், கடிதத்தில் கையொப்பமிடுமுன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. இந்தத் தொழிலில் அது எப்படியும் காதுக்கு எட்டும். வேறு தொழிலுக்கு, உதாரணமாக ஒரு கடையின் களஞ்சியப் பொறுப்புக்குப் போகிறீர்கள் என்றால், கேட்டால் சொன்னால் போதும்.

உங்கள் நிலையில் இல்லாமல் இதை வாசிப்பவர்களுக்குச் சில வேறுபாடுகள். விசாரணை நடந்து உண்மையிலேயே நீக்கப்பட்டிருந்தால் நாலாவது வரி "விசாரணைக்குப் பின் நீக்கினார்கள்" என்று நேராக மாறும். ஒழுக்காற்று நடவடிக்கையாக நீக்கினால், வேலை முடிவுறுத்தல் பற்றிய 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும் வேலைகளில், காரணத்தை இரண்டாவது வேலைநாள் முடியுமுன் எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதத்தில் உள்ள காரணத்தைவிட லேசான ஒன்றை நேர்முகத்தில் சொல்லாதீர்கள். குற்றச்சாட்டே பிழை என்று நம்பித் தொழில் நியாய சபைக்குப் போயிருக்கிறவர், "இன்ன குற்றச்சாட்டில் நீக்கினார்கள், நான் ஏற்கவில்லை, வழக்கு நடக்கிறது" என்ற ஒரு வரியோடு நிற்க வேண்டும். நேர்முக அறையில் வழக்கை நடத்தத் தொடங்கினால் வென்றாலும் வேலை கிடைக்காது. தகுதிகாண் காலத்தில் நிரந்தரமாக்காமல் விடப்பட்டவர் "நீக்கப்பட்டேன்" என்று தன்னைத்தானே தாழ்த்திச் சொல்ல வேண்டாம், "நிரந்தரமாக்கவில்லை" என்பதே சரியான சொல். ஆட்குறைப்பில் போனவருக்கு ஒரு வரி போதும், அதிலும் 2022 நெருக்கடிக் காலத்தில் என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆறு வருடம் என்றதால் சொல்கிறேன். இராஜினாமா எழுதிக் கொடுத்ததால் பணிக்கொடை போய்விடாது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் கிடைக்க வேண்டும். ஆறு முழு வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம். மோசடி, சொத்துக்கு நட்டம் போன்ற காரணத்தால் வேலை முடிவுறுத்தப்பட்டால் நட்டத்தின் அளவுக்கு மட்டும் அதில் பிடிக்க இடமுண்டு. இதுவரை வரவில்லையென்றால் அதைத் தனியாக எழுதிக் கேளுங்கள், நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்திலும் முறையிடலாம். ஆனால் மேலே சொன்ன ஈமெயிலோடு இதைக் கலக்க வேண்டாம். ஒரே கடிதத்தில் பணமும் கேட்டு நற்சாட்சியும் கேட்டால் இரண்டும் தாமதமாகும்.

கடைசியாக, விண்ணப்பத்தைக் கொடுக்குமுன் எல்லாப் பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கையொப்பமிட்ட பக்கம் உட்பட. நேர்முகத்தில் வாயால் சொன்னதை, அன்று மாலையே நன்றி சொல்லும் ஈமெயிலில் "விலகிய காரணம் பற்றி இன்று நேரில் கூறியபடி" என்று ஒரு துண்டாகச் சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நிரந்தரமாக்கும் நேரத்தில் வேறொரு எச்.ஆர். அதிகாரி கோப்பைத் திறந்து "இதை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டால், அந்தப் படத்தையும் அந்த ஈமெயிலையும் காட்டலாம்.